வெற்று எஃகில் பூஜ்யம் எது? பெயின்ட் தடிமன் அளவீட்டில் தீராத ஒரு கேள்வி

எஃகுப் பாலத்தின் உத்தரத்தில் பூசிய பெயின்ட் காய்ந்த பின் அதன் தடிமன் 240 மைக்ரான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஒப்பந்தக்காரரின் ஆளும் ஆய்வாளரும் ஒரே இடத்தில், ஒரே வகை மீட்டரை வைத்து அளக்கிறார்கள். ஒருவருக்கு 258 வருகிறது, மற்றவருக்கு 243. இரண்டு மீட்டர்களுக்கும் செல்லுபடியாகும் காலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறது, இரண்டும் பழுதில்லாதவை. அளப்பதற்கு முன் மீட்டரை எந்தப் பரப்பில் வைத்துப் பூஜ்யமாக்கினார்கள், எந்தப் பரப்பின் மேல் ஃபாயில் வைத்துச் சரிசெய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. பிளாஸ்டிங் செய்த எஃகின் மேல் பெயின்டின் தடிமனை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்ற கேள்விக்குப் பல பதில்கள் தரப்பட்டிருக்கின்றன. பெரிய தர அமைப்புகள் தம்முள் ஒத்துப்போகாத விதிகளை எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பூஜ்யமாக்குவது என்ற ஒரே செயலுக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன என்பது என் வாதம். மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்ப்பது ஒன்று. தடிமனை எந்த மட்டத்திலிருந்து எண்ணுவது என்று முடிவு செய்வது மற்றொன்று. முன்னது கருவியின் பிரச்சினை, பின்னது இரு தரப்பும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். இவை இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போன இடத்தில்தான் தகராறுகள் பெரும்பாலும் கிளம்புகின்றன.

மீட்டர் உண்மையில் எதை உணர்கிறது

எஃகின் மேல் பெயின்ட் தடிமன் அளக்கும் மின்னணு மீட்டர் பெயின்டை உணர்வதே இல்லை. அதன் புரோப்புக்குள் ஒரு கம்பிச்சுருள் குறைந்த அதிர்வெண்ணில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. எஃகு பக்கத்தில் வரவர அந்தப் புலம் வலுப்பெறுகிறது. புரோப்பின் உருண்டை முனைக்கும் எஃகுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை மட்டுமே கருவி கணக்கிடுகிறது. அந்த இடைவெளியில் இருப்பது பெயின்டா, பிளாஸ்டிக் தாளா, தூசியா, வெறும் காற்றா என்று அதற்குத் தெரியாது. ஃபாயில் பெயின்டுக்குப் பதிலாக நிற்க முடிவது இதனால்தான். தூசி படிந்த ஃபாயில் தவறான அளவைத் தருவதற்கும் இதுவே காரணம்.

இடைவெளிக்கும் சமிக்ஞைக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. முதல் சில பத்து மைக்ரான்களில் சமிக்ஞை வேகமாக மாறும், தூரம் கூடக்கூட மாற்றம் மந்தமாகும். தயாரிப்பாளர் இந்த வளைகோட்டைத் தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட எஃகின் மேல் வரைந்து கருவிக்குள் பதித்து அனுப்புகிறார். களத்தில் நம் கையில் இருக்கும் எஃகின் காந்த ஊடுதிறன், அதன் கனம், வளைவு எல்லாம் அந்த மாதிரி எஃகிலிருந்து விலகியிருக்கலாம். வெற்று உலோகத்தில் பூஜ்யமாக்கும்போது வளைகோட்டின் ஒரு முனையை நம் எஃகோடு பொருத்துகிறோம். தடிமன் தெரிந்த ஃபாயிலை வைத்துச் சரிசெய்யும்போது இன்னொரு புள்ளியையும் பொருத்தி, நடுவில் உள்ள பகுதியை நம் எஃகுக்கு இசைவாக்குகிறோம். ஆகவே பூஜ்யத்தை மட்டும் சரிசெய்துவிட்டு 250 மைக்ரான் பகுதியும் தானாகச் சரியாகிவிட்டது என்று நம்ப இடமில்லை. எதிர்பார்க்கும் தடிமனுக்கு அருகில் ஒரு ஃபாயிலை வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

இதுவரை சொன்னது வழவழப்பான எஃகுக்குப் பொருந்தும். பிளாஸ்டிங் செய்த பரப்பு அப்படிப்பட்டதல்ல. கிரிட் மோதிய எஃகில் முகடுகளும் பள்ளங்களும் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றுக்கிடையேயான உயரம் பல நேரங்களில் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். புரோப்பின் காந்தப்புலம் தனித்தனி முகட்டைப் பார்ப்பதில்லை. பல முகடுகளையும் பள்ளங்களையும் சேர்த்துச் சராசரியாக்கி, நடுவில் எங்கோ ஒரு கற்பனை மட்டத்தை எஃகின் பரப்பாக எடுத்துக்கொள்கிறது. வழவழப்பான தகட்டில் பூஜ்யமாக்கிய மீட்டரைப் பெயின்ட் படாத, பிளாஸ்டிங் செய்த எஃகின் மேல் வைத்தால் பூஜ்யம் வராததற்குக் காரணம் இதுதான். புரோப் முகடுகளின் மேல் நிற்கிறது, காந்தப்புலமோ அதற்குக் கீழே உள்ள மட்டத்தைப் பார்க்கிறது. திரை 10, 15, 20 என்று ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். கூழாங்கல் பாவிய தரையில் நிற்கும் தண்ணீரின் ஆழத்தைக் கல்லின் உச்சியிலிருந்து அளப்பதா, கல்லிடுக்கிலிருந்து அளப்பதா என்ற கேள்விக்கு இது ஒப்பானது.

கேள்வி எப்படிப் பிறந்தது

காந்தத்தைக் கொண்டு பூச்சின் தடிமன் அளக்கும் முறை பெயின்டுக்காகப் பிறந்ததல்ல. 1930-களில் அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் ஆப்னர் பிரென்னர் உருவாக்கிய காந்தமானி மின்முலாம் பூச்சுகளுக்கானது. முலாம் பூசும் உலோகம் மெருகேறியது. அங்கே பூச்சு எங்கே தொடங்குகிறது என்பதில் ஐயமே எழாது. அதே கொள்கை பின்னர் கையடக்கக் கருவியாகிக் கப்பல், பாலம், எண்ணெய்த் தொட்டி என்று பரவியபோது, அதைப் பிளாஸ்டிங் செய்த கரடுமுரடான எஃகின் மேல் வைக்க வேண்டியதாயிற்று. வழவழப்பான பரப்புக்காக எழுதப்பட்ட நடைமுறை, எல்லைக்கோடே தெளிவில்லாத பரப்புக்கு வந்து சேர்ந்தது. பூஜ்யம் பற்றிய விவாதத்தின் வேர் இந்த இடப்பெயர்ச்சியில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

முதல் தலைமுறைக் கருவிகளில் நிலைக்காந்தம் ஒன்றைப் பெயின்டின் மேல் ஒட்டவைத்து, சுருள்வில்லால் இழுத்துப் பிரிப்பார்கள். பிரியும் கணத்தில் உள்ள இழுவிசை தடிமனைச் சொல்லும். வாழைப்பழ வடிவில் இருக்கும் இவ்வகைக் கருவி இன்றும் சில இடங்களில் புழங்குகிறது. இதைப் பிளாஸ்டிக் ஃபாயில் வைத்துச் சரிபார்க்கக் கூடாது என்று அமெரிக்க எஸ்.எஸ்.பி.சி. அமைப்பின் பிஏ 2 தரநூல் எச்சரிக்கிறது. பிளாஸ்டிக் தாள் சற்றே விறைப்பானது, இலேசாக வளைந்தும் இருக்கும். வழவழப்பான எஃகின் மேல்கூட அது முழுதாகப் படியாது. காந்தம் பிரியப்போகும் தறுவாயில் தாள் வில்போல நிமிர்ந்து காந்தத்தை முன்கூட்டியே தூக்கிவிடும், அளவு பொய்யாகும். ஆகவே இக்கருவிகளை எஃகின் மேல் முலாம் பூசிய சான்றளிக்கப்பட்ட கட்டைகளில்தான் சரிபார்க்க வேண்டும். ஃபாயில் என்பது மின்னணு மீட்டருக்கான துணை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எல்லா மீட்டருக்கும் ஒரே செய்முறை எழுதும் வேலைக் குறிப்புகளை இன்றும் பார்க்க முடிகிறது.

முதல் பதில்: வழவழப்பான தகட்டில் பூஜ்யம், அத்தோடு சரி

மீட்டரோடு வரும் எஃகு ஜீரோ பிளேட்டில் பூஜ்யமாக்கி, அதே பிளேட்டில் ஒரு ஃபாயிலைச் சரிபார்த்துவிட்டு, நேராகப் பெயின்டை அளப்பது மிக எளிய வழி. யார் செய்தாலும், எந்த ஊரில் செய்தாலும் ஒரே பூஜ்யம் கிடைக்கும். அளவீடு தேசியத் தரங்கள் வரை சங்கிலியாகப் பின்தொடரக்கூடியது. அந்த வலுவைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இதில் வரும் எண் பெயின்டின் தடிமனோடு பரப்பின் கரடுமுரடையும் சேர்த்துச் சொல்கிறது. அது பெயின்டை அதிகமாகவே காட்டும், ஒருபோதும் குறைவாகக் காட்டாது. பிழை எப்போதும் ஒரே பக்கம், அதாவது ஒப்பந்தக்காரருக்குச் சாதகமான பக்கம் சாய்வதால், எத்தனை அளவுகள் எடுத்துச் சராசரி பார்த்தாலும் அது தீராது.

கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அது பெயின்டின் கனத்தைப் பொறுத்தது. 500 மைக்ரான் பூச்சில் 15 மைக்ரான் பிழை நூற்றுக்கு மூன்றுதான், மீட்டரின் சொந்தத் துல்லியத்தோடு கலந்து மறைந்துவிடும். 60 மைக்ரான் துத்தநாகப் பிரைமரில் அதே 15 மைக்ரான் நான்கில் ஒரு பங்கு. துருப்பிடிப்பு பொதுவாக முகடுகளின் உச்சியில், பெயின்ட் மிக மெல்லிதாக இருக்கும் இடத்தில்தான் முதலில் தலைகாட்டும். பள்ளங்களில் தேங்கிய பெயின்டையும் கணக்கில் சேர்த்து எண்ணைப் பெரிதாக்குவது, பாதுகாப்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தையே கண்ணிலிருந்து மறைக்கிறது. இதனால்தான் பிற பதில்கள் எல்லாம் முகட்டின் மேல் உள்ள தடிமனையே இலக்காக வைக்கின்றன. இலக்கில் அவற்றுக்குள் பெரிய பேதமில்லை. அந்த இலக்கை எப்படி அடைவது என்பதில்தான் பிரிகின்றன.

இரண்டாம் பதில்: அளந்துவிட்டுக் கழிப்பது

கழித்தலில் இரண்டு மரபுகள் உண்டு. பிஏ 2 வழியில், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வெற்று எஃகின் பல இடங்களில் குறைந்தது 10 அளவுகள் எடுத்து, அவற்றின் சராசரியை வெற்று உலோக அளவு என்று குறித்துவைக்கிறார்கள். பின்னால் பெயின்டின் மேல் வரும் அளவிலிருந்து அதைக் கழிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 19840 வழியில் வெற்று உலோகத்தை அளக்க வேண்டியதில்லை. மீட்டரை வழவழப்பான தகட்டில் சரிசெய்துவிட்டு, பிளாஸ்டிங் புரொஃபைல் மெல்லியதா, நடுத்தரமா, முரடானதா என்று ஐ.எஸ்.ஓ. 8503 ஒப்பீட்டுத் தகடுகளை வைத்துத் தீர்மானித்து, அதற்கேற்ப 10, 25 அல்லது 40 மைக்ரானைக் கழிக்க வேண்டும். புரொஃபைல் தெரியாவிட்டால் 25.

அளந்து கழிப்பது நம் எஃகின் உண்மையை நேரில் கேட்கிறது. அதுவே அதன் பலவீனமும் ஆகிறது. வெற்று எஃகின் மேல் புரோப்பை வைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் முனை வேறொரு முகட்டில் உட்காரும், அல்லது இரு முகடுகளுக்கு இடையே இறங்கும். அடுத்தடுத்த அளவுகள் 6, 22, 13 என்று சிதறுவது இயல்பு. ஆகவே ஓரிரு அளவை நம்பக் கூடாது, சராசரிதான் பொருளுடையது. அதைவிட நடைமுறைச் சிக்கல் பெரியது. பிளாஸ்டிங் முடிந்ததும் எஃகு துருவேறுவதற்குள் பிரைமர் ஏற்றிவிட வேண்டும். அந்தக் குறுகிய நேரத்தில் இந்த 10 அளவுகளை எடுக்காமல் விட்டால் பிறகு எடுக்கவே முடியாது. கடைசிக் கோட் காய்ந்த பின் வரும் ஆய்வாளருக்கு வெற்று எஃகு கண்ணிலேயே படாது.

நிலையான எண்ணைக் கழிப்பது இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறது. பத்தாண்டு கழித்து வருபவரும் அதே 25-ஐக் கழிக்கலாம், தகராறு இல்லை. ஆனால் அந்த 25 எந்தக் குறிப்பிட்ட எஃகின் அளவும் அல்ல, அது ஒரு பொது உடன்பாடு. நடுத்தரம் என்ற ஒரே வகுப்புக்குள் குறைவான புரொஃபைலும் கூடுதலான புரொஃபைலும் அடங்கும். கூர்மையான கிரிட்டும் உருண்டை ஷாட்டும் ஒரே உயரம் காட்டினாலும் முகடுகளின் வடிவம் வேறு, காந்தப்புலம் அவற்றைச் சராசரியாக்கும் விதமும் வேறு. புரோப்பின் முனையளவும் கருவிக்குக் கருவி மாறும். எனவே சில பரப்புகளில் 25 அதிகமாகக் கழிக்கும், சிலவற்றில் குறைவாக. பெயின்டைப் பாதுகாப்பின் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்கு, ஐயம் இருந்தால் அதிகம் கழிப்பதே நல்லது என்று படும். அப்படிக் கழித்ததை நிரப்பக் கூடுதல் கோட் அடிக்க வேண்டியவருக்கு இது நியாயமாகப் படாது.

மூன்றாம் பதில்: பிளாஸ்டிங் செய்த எஃகிலேயே ஃபாயில் வைத்துச் சரிசெய்வது

கழித்தலே வேண்டாம், மீட்டருக்கு ஆரம்பத்திலேயே அந்தப் பரப்பைக் காட்டிவிடலாம் என்பது மூன்றாம் பதில். வேலைக்கு எடுத்த அதே எஃகில், அதே பிளாஸ்டிங் செய்த ஒரு மாதிரித் தகட்டைப் பெயின்ட் அடிக்காமல் எடுத்துவைக்கிறார்கள். எதிர்பார்க்கும் தடிமனுக்குக் கீழே ஒரு ஃபாயிலும் மேலே ஒரு ஃபாயிலும் தேர்ந்துகொள்கிறார்கள். 240 மைக்ரான் வேலைக்கு ஏறத்தாழ 125-உம் 500-உம். மெல்லிய ஃபாயிலை மாதிரித் தகட்டின் மேல் வைத்து, பல இடங்களில் அளந்து, சராசரியை ஃபாயிலில் எழுதிய எண்ணுக்குச் சரிசெய்கிறார்கள். பிறகு தடித்த ஃபாயிலில் அதையே செய்கிறார்கள். கடைசியாக மூன்றாவதாக, நடுவில் உள்ள ஒரு ஃபாயிலை வைத்துச் சோதிக்கிறார்கள், எதையும் மாற்றுவதில்லை. அது சரியாகக் காட்டினால்தான் அளக்கத் தொடங்குகிறார்கள்.

இந்த முறையில் வெற்று எஃகில் நேராகப் பூஜ்யமாக்குவதைத் தவிர்த்து இரண்டு ஃபாயில்களை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெற்றுப் பரப்பின் மேல் புரோப் முனை சிதறும் என்று மேலே பார்த்தோம். அங்கே பூஜ்யமாக்கினால் அந்தச் சிதறலே வளைகோட்டின் அடிப்புள்ளியாக உறைந்துவிடும். ஃபாயில் முகடுகளின் மேல் பாலம்போலப் படிகிறது. அதன் மேல் நிற்கும் புரோப் எந்த முகட்டில் விழுந்தது என்பது பெரிதாகப் பொருட்படாது, அளவுகள் நெருக்கமாக வருகின்றன. மேலும் ஃபாயில் முகட்டின் மேல் உள்ள தடிமனையே காட்டுகிறது. நாம் அறிய விரும்புவதும் அதுதான். அளவிடும் பகுதியின் இரு பக்கமும் புள்ளி கட்டியிருப்பதால் வளைகோடும் அங்கே நம்பகமானது. அந்த இரு ஃபாயில்களுக்கும் வெளியே, எடுத்துக்காட்டாக 40 மைக்ரான் பிரைமருக்கு, அதே சரிசெய்தலை நம்பக் கூடாது. பிரைமரை அளக்க வேறு ஜோடி ஃபாயில் வேண்டும்.

இதன் பலவீனம் மாதிரித் தகட்டில் இருக்கிறது. தட்டையான தகட்டைக் காட்டிச் சரிசெய்துவிட்டு வளைந்த குழாயை அளந்தால் கருவிக்குக் காட்டியது ஒன்று, கேட்டது வேறொன்று. மாதிரித் தகட்டைப் பிளாஸ்டிங் செய்தவர் வேலையை விடச் சற்று அழுத்தமாகவோ சிக்கனமாகவோ செய்திருந்தாலும் அப்படியே. தகடு துருப்பிடிக்காமல் வேலை முடியும் வரை இருக்கவும் வேண்டும். ஃபாயிலுக்கும் வயதுண்டு. கூரிய முகடுகள் ஒவ்வொரு முறையும் அதன் அடிப்பக்கத்தில் நுண்ணிய குழிகளைப் பதிக்கின்றன, மேல்பக்கத்தில் புரோப் தன் முனையை அழுத்துகிறது. மெல்லிய ஃபாயிலில் இந்தக் குழிகள் விகிதத்தில் பெரியவை. இங்கே ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. ஃபாயிலின் தடிமனைச் சோதிக்கத் தட்டை முகம் கொண்ட மைக்ரோமீட்டரைப் பயன்படுத்தினால் அது குழிகளைத் தாண்டி, குழியில்லாத பகுதிகளின் உயரத்தைத்தான் பிடிக்கும், ஃபாயில் இன்னும் புதியது போலவே தெரியும். உருண்டை முனைப் புரோப்போ குழிக்குள் இறங்கிவிடும். சாய்வான வெளிச்சத்தில் ஃபாயிலைப் பிடித்துப் புள்ளிகளும் மடிப்புக் கோடுகளும் தெரிகின்றனவா என்று பார்ப்பது மைக்ரோமீட்டரைவிட நல்ல சோதனை. அவை தெரிந்தால் ஃபாயிலை மாற்றுவதுதான் வழி. இரண்டு ஃபாயில்களை அடுக்கி மூன்றாவது தடிமனை உண்டாக்குவதும் இதே காரணத்தால் ஆபத்து, நடுவில் சிக்கும் காற்றும் தூசியும் எண்ணில் சேர்ந்துவிடும்.

ஒரே பெயின்ட், பல விடைகள்

கட்டுரையின் தொடக்கத்தில் வைத்த உத்தரத்துக்கே திரும்புவோம். கணக்கு கற்பனையானது, அளவுகள் நடைமுறையில் வரக்கூடியவை. நிர்ணயித்த தடிமன் 240, பிளாஸ்டிங் நடுத்தர வகை. வழவழப்பான தகட்டில் பூஜ்யமாக்கிய மீட்டரில் அந்தப் பகுதியின் சராசரி 258. எதையும் கழிக்காதவர் இதை 18 மைக்ரான் உபரி என்பார். ஐ.எஸ்.ஓ. 19840-படி 25-ஐக் கழித்தால் 233. தனித்தனி அளவுகள் எதுவும் நிர்ணயத்தின் 80 விழுக்காடான 192-க்குக் கீழே போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் தரநூல் சராசரி நிர்ணயத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. வேலை தேறவில்லை. பெயின்டுக்கு முன் வெற்று உலோகத்தில் எடுத்த சராசரி 16 என்றால், அதைக் கழித்தால் 242, வேலை தேறிவிடுகிறது. மாதிரித் தகட்டில் இரு ஃபாயில்களால் சரிசெய்த மீட்டர் 243 காட்டினால், அது 242-க்கு நெருக்கமாக வருவதில் வியப்பில்லை. இரண்டும் அதே எஃகைக் கேட்டவை.

இனி, களத்தில் நடக்கும் மிக மோசமான தவறு. ஒருவர் பிளாஸ்டிங் தகட்டில் ஃபாயில் வைத்துச் சரிசெய்த மீட்டரைக் கொடுக்கிறார். அறிக்கை எழுதுபவருக்கு அது தெரியாது. அவர் வழக்கப்படி 25-ஐக் கழித்து 218 என்று எழுதுகிறார். கரடுமுரடுக்கான திருத்தம் இரண்டு முறை செய்யப்பட்டுவிட்டது. இல்லாத குறையைச் சரிசெய்ய இன்னொரு கோட் அடிக்கப்படும். இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மீட்டரை ஜீரோ பிளேட்டில் வைத்துப் பாருங்கள். கரடுமுரடான தகட்டில் சரிசெய்த மீட்டர் வழவழப்பான தகட்டில் பூஜ்யத்துக்குக் கீழே விழப் பார்க்கும். கருவியின் அமைப்பைப் பொறுத்து எதிர்மறை எண் வரும், அல்லது 250 ஃபாயில் அங்கே 250-க்குக் குறைவாகக் காட்டும். அப்படிக் காட்டினால் அந்த மீட்டரின் அளவிலிருந்து எதையும் கழிக்கக் கூடாது என்று பொருள்.

கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 233-க்கும் 242-க்கும் உள்ள 9 மைக்ரான் வேறுபாடு எந்த மீட்டரின் குறையும் அல்ல. புதிய மீட்டர் வாங்கினாலும், காலிபரேஷனுக்கு அனுப்பினாலும் அது மறையாது. எந்த விதிப்படி எண்ணுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால்தான் மறையும். கப்பல்களின் கடல்நீர் நிலைப்படுத்தும் தொட்டிகளுக்கு ஐ.எம்.ஓ. 2006-இல் ஏற்ற பூச்சுத் தரம் இதற்கு நல்ல சான்று. 320 மைக்ரான் என்று சொன்னதோடு அது நிற்கவில்லை. அளவுகளில் 90 விழுக்காடு 320-க்குக் குறையக் கூடாது, மிச்சமுள்ளவை அந்த எண்ணின் 90 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றது. புரொஃபைல் 30 முதல் 75 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்றும் கட்டியது. புரொஃபைலைக் குறுகிய எல்லைக்குள் வைத்தால் பூஜ்யம் பற்றிய சண்டையின் அளவும் சுருங்குகிறது. பெயின்டின் எண்ணை மட்டும் எழுதிவிட்டு அதன் தரையை எழுதாமல் விடும் ஒப்பந்தங்கள் இதிலிருந்து கற்கலாம்.

எதிர்வாதங்கள்

இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டும் என்ற என் நிலைப்பாட்டுக்கு மறுப்பு உண்டு. பிளாஸ்டிங் தகட்டில் ஃபாயில் வைத்துச் சரிசெய்வதே கருவியையும் சோதித்துவிடுகிறதே, வழவழப்பான தகட்டில் தனியாக எதற்குச் சரிபார்ப்பது என்பது ஒன்று. என் பதில் இது. கரடுமுரடான தகட்டில் சரிசெய்யும்போது வரும் எந்த விலகலையும் நாம் பரப்பின் மேல் பழிபோட்டுச் சரிசெய்துவிடுவோம். புரோப் முனை தேய்ந்திருந்தாலும், அதில் பெயின்ட் துணுக்கு ஒட்டியிருந்தாலும், கருவி கீழே விழுந்து அடிபட்டிருந்தாலும் அந்தப் பிழை சரிசெய்தலுக்குள் ஒளிந்துகொள்ளும். தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, வழவழப்பான எஃகில் சான்றளித்த தடிமன் சரியாக வருகிறதா என்று முதலில் பார்த்தால் கருவியின் பிழை தனியே வெளிப்படும். 250 ஃபாயில் அங்கே 243 காட்டினால், உடனே எண்ணைத் திருத்தாமல், முனையைத் துடைத்து, வேறு ஃபாயில் வைத்து, பிளேட்டின் ஓரம் விட்டு நடுவில் வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் விலகினால் கருவி சரிபார்ப்புக்குப் போக வேண்டும். அது கடைசியாகச் சரியாக இருந்ததாகத் தெரிந்த நேரத்துக்குப் பின் எடுத்த அளவுகள் எல்லாம் ஐயத்துக்குரியவை. வேலை தொடங்கும்போது மட்டுமல்லாமல் முடியும்போதும் சரிபார்ப்பதன் பயன் இதுதான். இல்லாவிட்டால் ஐயத்துக்குரிய அளவுகள் எத்தனை நாள் பின்னோக்கிப் போகும் என்று தெரியாது.

இரண்டாவது மறுப்பு நடைமுறையிலிருந்து வருகிறது. மாதிரித் தகடு, இரு ஃபாயில், இரட்டைச் சரிபார்ப்பு என்றெல்லாம் சாரத்தின் மேல் நிற்பவரால் செய்ய முடியுமா என்பது அது. பெரிய வேலையில் முடியும். சிறிய பராமரிப்பு வேலையில், பழைய பெயின்டின் மேல் புதிய கோட் ஏறும்போது, முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெற்று எஃகு இல்லாத அங்கே ஐ.எஸ்.ஓ. வழியில் வழவழப்பான தகட்டில் சரிசெய்து 25-ஐக் கழிப்பதே மிஞ்சும் நேர்மையான வழி. அந்தக் கழித்தலை அறிக்கையில் எழுதவும் வேண்டும். பழைய பெயின்டையே பூஜ்யமாக எடுத்து அதன் மேல் புதிய கோட்டை மட்டும் அளக்கும் குறுக்குவழி கவர்ச்சியாகத் தெரியலாம். பழைய கோட்டின் தடிமன் அடிக்கொரு விதமாக மாறும்போது அந்தப் பூஜ்யமும் மாறிக்கொண்டே இருக்கும். துருவும் ஆலைப் படிவமும் உள்ள பரப்பில் பூஜ்யமாக்குவது இதைவிட மோசம், ஏனெனில் ஆலைப் படிவத்தின் ஒரு பகுதியான மேக்னடைட்டே காந்தத்துக்கு இழுபடுவது.

இன்னும் திறந்திருப்பவை

எந்தப் பதில் உண்மைக்கு மிக நெருக்கம் என்று முடிவு கட்டப் பெயின்டை வெட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். அமெரிக்கத் தரநூலான ஏ.எஸ்.டி.எம். டி4138 சொல்லும் வழியில் பெயின்டில் குறிப்பிட்ட கோணத்தில் ஆப்பு வடிவ வெட்டுப் போட்டு நுண்ணோக்கியில் அகலத்தைப் படித்து ஆழத்தைக் கணக்கிடலாம். ஆனால் வெட்டின் அடியில் தெரியும் எஃகு நேர்கோடாக இருப்பதில்லை. முகடும் பள்ளமுமாக நெளியும். அதில் எந்த இடத்தைப் பெயின்டின் அடியாகக் கொள்வது என்று பார்ப்பவரே தீர்மானிக்கிறார். காந்த முறையை நடுவர்போலத் தீர்த்துவைக்க வந்த முறையும் அதே கேள்விக்குள் போய் நிற்கிறது. முகட்டின் மேல் உள்ள மிகக் குறைந்த தடிமனா, பல முகடுகளின் மேல் சராசரியா என்பதுகூட எல்லாரும் ஒரே விதமாக எடுத்துக்கொள்ளும் விஷயமாகத் தெரியவில்லை.

இப்போது கையில் உள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், வெற்று எஃகு கிடைக்கும் புதிய வேலையில், கருவியை முதலில் வழவழப்பான தகட்டில் சரிபார்த்துவிட்டு, உண்மையை ஒத்த பிளாஸ்டிங் தகட்டில் இரு ஃபாயில்களால் சரிசெய்வதே மற்றவற்றைவிட நம்பகமானதாகத் தோன்றுகிறது. வெற்று எஃகு கிடைக்காத இடத்தில் நிலையான கழித்தலுக்கு மாற்று இல்லை. ஆனால் கூர்முனைக் கிரிட்டால் உருவான முரட்டுப் பரப்புக்கு 40 மைக்ரான் போதுமா, பெரிய முனை கொண்ட புரோப்புக்கும் சிறிய முனை கொண்டதற்கும் ஒரே எண் பொருந்துமா என்பவற்றுக்குப் பொதுவான உடன்பாடு இன்னும் உருவாகவில்லை. அமெரிக்க அமைப்பான எஸ்.எஸ்.பி.சி. 2021-இல் என்.ஏ.சி.இ.-யோடு இணைந்து ஏ.எம்.பி.பி. ஆகிவிட்ட பின்னும், பிஏ 2 வெற்று உலோகத்தை அளக்கச் சொல்கிறது, ஐ.எஸ்.ஓ. 19840 அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறது. ஒரே பாலத்தில் ஒரு தரப்பு முன்னதையும் மறு தரப்பு பின்னதையும் கையில் வைத்திருக்கும் வரை, 258-க்கும் 243-க்கும் இடையிலான இடைவெளியை அறிக்கையில் எப்படி எழுதுவது என்பதை அந்த வேலையின் ஒப்பந்தம்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.